டீச்சர் சொல்லிட்டாங்களே

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன மாதம் ஒரு பழைய மாணவன் வீட்டுக்கு வந்திருந்தான். சுங்குடிச் சேலை போடும் குடும்பம். பெயர் வேண்டாம், சுங்குடிக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். தாத்தா காலத்திலிருந்து முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கும் தொழில். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது வகுப்புக்கு மிட்டாய் வாங்கி வந்தவன். இப்போது அவனுக்கு ஒரு பிரச்சினை. சிவப்புச் சேலையில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று இருக்க வேண்டும். வாங்கிப் போனவர்கள் ஒரு தடவை துவைத்ததும் புள்ளியெல்லாம் ரோஸ் நிறமாகிவிடுகிறதாம். ஒரு கடைக்காரர் நாற்பது சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"டீச்சர், நம்ம ஸ்கூல்ல படிச்சவங்க திருப்பூர், ஈரோடு பக்கம் சாயப்பட்டறை லேப்ல இருக்காங்கன்னு சொன்னீங்கள்ல? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். போன் நம்பர் மட்டும் குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றான்.

நான் நம்பர் கொடுக்கவில்லை. அவன் முகம் வாடிப்போனது. ஏன் கொடுக்கவில்லை என்பதைத்தான் எழுத வந்தேன். சொல்வதற்கு எனக்கே சங்கடமான ஒரு கதை அதற்குப் பின்னால் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம். உறவில் ஒரு பையன் புதிதாகக் கடை போட்டிருந்தான். (யார் என்று தேடாதீர்கள், உங்களுக்குத் தெரியாத கிளை.) கணக்கு வழக்கு, ஜி.எஸ்.டி. எல்லாம் பார்க்க ஆள் வேண்டும் என்றான். என் மாணவன் ஒருவன் ஆடிட்டராக இருக்கிறான். நல்ல பிள்ளை, அஞ்சாம் வகுப்பில் கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தலே இருக்காது. நான் யோசிக்கவேயில்லை. இரண்டு பேரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, "தம்பி, இவன் நம்ம வீட்டுப் பையன், பார்த்துக்கொள்" என்று போட்டுவிட்டேன். உடனே "சரிங்க டீச்சர்" என்று பதில் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பிள்ளை ஒரு வருடம் அந்தக் கடையின் கணக்கைப் பார்த்தான். உறவுக்காரப் பையன் பணம் கொடுக்கவில்லை, இவனும் கேட்கவில்லை. நேரங்காலம் பார்க்காமல் ராத்திரியெல்லாம் போன். எனக்கு இது எதுவுமே தெரியாது. கொஞ்ச நாளில் அவன் என் போனை எடுப்பதையே விட்டுவிட்டான். பொங்கலுக்கு வருபவன் வரவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு கல்யாண வீட்டில் அவன் மனைவியைப் பார்த்தேன். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்: "டீச்சர் சொல்லிட்டாங்களே, எப்படி முடியாதுன்னு சொல்றதுன்னு கேப்பாருங்க டீச்சர்."

அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நம் ஊரில் ஒரு வாத்தியார் "இவரைப் பார்" என்று சொன்னால் அது அறிமுகமாக நிற்பதில்லை, உத்தரவாகிவிடுகிறது. பெரியப்பா, மாமா சொன்னாலும் அப்படித்தான். சொல்கிறவருக்கு அது தெரியாது, கேட்கிறவருக்குத்தான் தெரியும். நான் "முடிந்தால் செய்" என்று சேர்த்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. இரண்டு பேரும் ஒரே குழுவில் இருக்கும்போது, அவன் முடியாது என்று எழுதினால் அந்தப் பையன் முன்னால் எழுத வேண்டும், என் முன்னாலும் எழுத வேண்டும். போதாததற்கு நீல டிக் வேறு. பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை என்பது கூட எனக்குத் தெரிந்துவிடும்.

சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் என் மகளிடம் புலம்பினேன். "அம்மா, எங்க ஆபீஸ்ல யாரையும் அப்படிக் கோத்துவிட மாட்டாங்க. முதல்ல ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேப்பாங்க. ரெண்டு பேரும் சரின்னாதான் ஒரே மெயில்ல சேப்பாங்க" என்றாள். அதற்கு டபுள் ஆப்ட்-இன் என்று பெயராம். இருபக்கச் சம்மதம் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்டால் சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. செய்து பார்த்தபோதுதான் அதில் எத்தனை இடத்தில் கால் இடறும் என்று தெரிந்தது.

சுங்குடிக்காரனுக்கு வருகிறேன். அவனிடம் சொன்னேன்: "உன் பிரச்சினையை ஒரு பத்தியா எழுதி எனக்கு மெயில் பண்ணு. அதை நான் அப்படியே அவங்களுக்கு அனுப்புவேன். படிக்கிறவங்க ரெண்டு நிமிஷத்துல முடிவு பண்ணணும்." மூன்று நாள் கழித்து வந்தது. வணக்கம் ஒரு வரி, குடும்பப் பெருமை ஆறு வரி, கடைசியில் "தங்கள் மேலான ஆலோசனையும் வழிகாட்டுதலும் தேவை". இதைப் படிக்கிறவருக்கு என்ன தெரியும்? என்ன கேட்கிறான், எவ்வளவு நேரம் கேட்கிறான், சும்மா கேட்கிறானா, காசு கொடுப்பானா, எதுவுமே இல்லை. அளவு தெரியாத உதவிக்குச் சரி என்று சொல்வதற்கு யாரும் பயப்படத்தான் செய்வார்கள். சிவப்பு மையில் திருத்தும் பழக்கம் போகுமா? திருப்பி அனுப்பினேன். இரண்டாவது தடவை இப்படி எழுதினான்:

"பருத்திச் சேலையில் ரியாக்டிவ் சாயம் போடுகிறேன். முதல் துவைப்பிலேயே சிவப்பு இறங்கி வெள்ளைப் புள்ளியில் ஏறுகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். சாயம் பிடிக்கச் சோடா ஆஷ் போடுகிறேன், பிறகு இரண்டு தண்ணீர் அலசுகிறேன். தண்ணீர், சோடா, அலசும் முறை, இந்த மூன்றில் எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அரை மணி நேரம் போனில் பேச முடியுமா? சோதனைச் செலவு எதுவானாலும் நானே கொடுத்துக்கொள்கிறேன்."

இது கேள்வி. இதற்குச் சரி என்றும் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். எழுதும்போதே தனக்குப் பாதி தெளிவாகிவிட்டது என்று அவனே சொன்னான்.

அடுத்து என் முறை. முதலில் ஈரோட்டில் இருக்கும் ஒரு மாணவனைக் கேட்டேன். அவனிடமிருந்து மறுநாளே ஒரு வரி வந்தது: "இப்போ முடியாது டீச்சர், மன்னிச்சுக்கங்க." உண்மையைச் சொன்னால் ஒரு நிமிஷம் எனக்குச் சுருக்கென்றது. என் பேச்சைத் தட்டிவிட்டானே என்று. மறுக்க வழி விட்டு எழுதியதே நான்தான். அந்த வழியில் ஒருத்தன் போனதும் எனக்கே தாங்கவில்லை பாருங்கள்! ஏன் என்று கேட்டு எழுதக் கை பரபரத்தது. கேட்கவில்லை. "சரிப்பா, நன்றி" என்று மட்டும் போட்டேன். இரண்டு வாரம் கழித்து அவனே தன் மகளின் பள்ளிச் சேர்க்கை பற்றிக் கேட்க எனக்குப் போன் பண்ணினான், குரலில் கூச்சமே இல்லாமல். அந்த ஆடிட்டர் பிள்ளையிடம் நான் தொலைத்தது இதைத்தான்.

இதற்கிடையில் சுங்குடிக்காரன் "என்ன ஆச்சு டீச்சர்?" என்று கேட்டான். "ஒரு இடத்துல கேட்டேன், தோதுப்படல. இன்னொரு இடம் கேக்குறேன்" என்றேன். "யாரு டீச்சர்?" "அது உனக்கெதுக்குடா." இதுதான் முக்கியம். மறுத்தவர் பெயர் கேட்டவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் நாளைக்கு எங்காவது பார்க்கும்போது இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச முடியாது. அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே ஒருவர் இன்றைக்குச் சரி என்று சொல்லிவிடுவார்.

இரண்டாவதாகத் திருப்பூரில் இருக்கும் என் மாணவிக்கு எழுதினேன். சாயத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் பொறுப்பில் இருக்கிறாள். மழை நாளில் விரகனூர் பக்கமிருந்து பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருவாள். அனுப்பிய கடிதம் இது:

"அன்பு மகளுக்கு, நலம்தானே? ஒரு கேள்வி கேட்க எழுதுகிறேன். நம் பள்ளியில் உனக்கு நாலைந்து வருடம் பின்னால் படித்த ஒருவன் சுங்குடி போடுகிறான். சாயம் இறங்கும் பிரச்சினை. அவன் எழுதியது கீழே இருக்கிறது. உன்னைக் கேட்கக் காரணம், துவைத்தால் நிறம் நிற்கிறதா என்று பார்ப்பது உன் அன்றாட வேலை என்று நீ சொல்லியிருக்கிறாய். அவனும் முதலாளியாக உட்கார்ந்திருப்பவன் இல்லை, தன் கையால் சாயம் முக்குபவன். நீ கேட்கும் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வான். அவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனால் தொழிலில் எப்படி, கொடுக்கல் வாங்கலில் எப்படி என்று எனக்குத் தெரியாது. அதற்கு நான் ஜாமீன் இல்லை. உங்கள் கம்பெனியில் வெளியாருக்கு யோசனை சொல்லக் கூடாது என்று விதி இருக்கலாம், நேரமும் இல்லாமல் இருக்கலாம். 'இப்போது முடியாது' என்று இரண்டு சொல் போதும், காரணம் வேண்டாம். பத்து நாளில் பதில் இல்லையென்றால் முடியாது என்றே எடுத்துக்கொண்டு வேறு ஆளைப் பார்ப்பேன், மறுபடி கேட்க மாட்டேன். உன்னைக் கேட்டது அவனுக்குத் தெரியாது, தெரியவும் வராது."

இதில் ஒவ்வொரு வரிக்கும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் "நீ கெட்டிக்காரி, உன்னால்தான் முடியும்" என்று எழுதினேன். அழித்துவிட்டேன். அதில் காரணம் எங்கே இருக்கிறது? ஐஸ்தான் இருக்கிறது. தலையில் ஐஸ் வைத்தபின் ஒருத்தி எப்படி மறுப்பாள்? "பாவம், நாற்பது சேலை திரும்பிவிட்டது" என்று எழுதியதையும் எடுத்தேன். அவனுக்கு அது உண்மையான கஷ்டம்தான். ஆனால் கடிதத்தில் போட்டால் அவள் மேல் வைக்கும் பாரமாகிவிடும். அந்தப் பத்து நாள் கெடுவைச் சேர்த்ததும் அதற்காகத்தான். கெடு இல்லாவிட்டால் பதில் போடாத கடிதம் ஒன்று மனதில் உறுத்திக்கொண்டே கிடக்கும். கெடு முடிந்தால் தானாக மூடிக்கொள்ளும். அவள் ஒன்றுமே செய்யாமல் மறுக்கலாம்.

'ஜாமீன் இல்லை' என்ற வரிதான் எழுதக் கஷ்டமாக இருந்தது. நம் பிள்ளையை நாமே விட்டுக்கொடுக்கிற மாதிரி. ஆனால் ஆறாம் வகுப்பில் பார்த்த பிள்ளைக்கு நாற்பது வயதில் நான் எப்படி ஜாமீன் நிற்பது? எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொன்னால், மீதியை அவள் விசாரித்துக்கொள்வாள்.

நம் ஊரின் மிகப் பெயர் பெற்ற அறிமுகக் கடிதம் ராமானுஜத்துக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். வகுப்பில் கதையாகச் சொல்லியிருக்கிறேன், சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். 1910-இல் அவர் வேலை கேட்டுத் திருக்கோயிலூரில் துணை கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் போனார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக்கி வீணடிக்க மனம் வராமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்படிக் கை மாறிக் கை மாறித்தான் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரை போய்ச் சேர்ந்தார். ராவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்துப் பேசிய பிறகுதான் வந்தது. அப்புறம் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். இப்போது அந்தக் கதையை நினைத்தால் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. கடிதம் போன இடமெல்லாம் நோட்டுப் புத்தகமும் கூடவே போனது. "நல்ல பையன், பார்த்துக்கொள்" என்ற சொல்லை மட்டும் நம்பி யாரும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. ராவ் சந்தேகப்பட்டதால் யாருக்கும் மரியாதைக் குறைவு வந்துவிடவும் இல்லை. பிறகு ராமானுஜம் இங்கிலாந்துக்குத் தபாலில் எழுதியபோது கேம்பிரிட்ஜில் இரண்டு பேராசிரியர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் வாசலில் போய் நின்று யாரும் கெஞ்சவில்லை. அடுத்த கடிதம் ஹார்டிக்குப் போனது, 1913 ஜனவரியில்.

சரி, திருப்பூருக்கு வருவோம். ஏழாம் நாள் பதில் வந்தது. அதற்குள் நான் போனைக் கையில் எடுத்து வைத்தது எத்தனை தடவை என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். போன் பண்ணியிருந்தால் எழுதிய கடிதம் அத்தனையும் பொய்யாகியிருக்கும். அவள் எழுதியது: "பேசலாம் டீச்சர். ஆனா ஞாயிற்றுக்கிழமை மட்டும். எங்க லேப்ல அவர் துணியை டெஸ்ட் பண்ண முடியாது, கம்பெனி விதி. போன் நம்பர் வேணாம், முதல்ல மெயில்ல வரச் சொல்லுங்க." நிபந்தனைகளைச் சுங்குடிக்காரனிடம் சொல்லி, சம்மதமா என்று கேட்டேன். சரி என்றான். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்தேன். பொருள் வரியில் "அறிமுகம்: சுங்குடிச் சாயம் இறங்குவது பற்றி, அரை மணி நேரப் பேச்சு" என்று போட்டேன்.

"இருவருக்கும் வணக்கம். உங்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, சம்மதம் பெற்று இதை எழுதுகிறேன். திருமதி அவர்கள் திருப்பூரில் துணிச் சாயப் பரிசோதனை செய்கிறார். திரு அவர்கள் மதுரையில் சுங்குடி போடுகிறார், கேள்வி கீழே இருக்கிறது. பேசுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், துணிப் பரிசோதனை இதில் இல்லை. முதலில் எழுத வேண்டியது திரு அவர்கள், இரண்டு நாளுக்குள், தனக்குத் தோதான இரண்டு நேரங்களைச் சொல்லி. இந்தப் பேச்சோடு நிறுத்திக்கொள்ள யார் நினைத்தாலும் நிறுத்தலாம், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதில் போடும்போது என் முகவரியை எடுத்துவிடுங்கள்."

திரு, திருமதிக்குப் பக்கத்தில் பெயர்கள் இருந்தன, இங்கே விட்டுவிட்டேன். கவனித்தீர்களா, இந்தக் கடிதத்தில் இரண்டு பேரும் 'நீங்கள்'. தனியாக எழுதும்போது மகளே, டேய் எல்லாம் சரி. இங்கே அவர்கள் தொழில் தெரிந்த இரண்டு பெரியவர்கள், என் வகுப்புப் பிள்ளைகள் இல்லை. என் முகவரியை எடுக்கச் சொன்னதும் அதனால்தான். டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் அவள் இரண்டாவது தடவையும் சரி என்பாள், மூன்றாவது தடவையும் சரி என்பாள்.

என்ன நடந்தது என்று அவனாகவே வந்து சொன்னான். தண்ணீரைப் பற்றி அவள் கேட்டதும் இவன் டி.டி.எஸ். மீட்டர் காட்டிய எண்ணைச் சொல்லியிருக்கிறான். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டும், சாயத்துக்கு இடைஞ்சல் செய்யும் கடினத்தன்மையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றாளாம். அதைவிடப் பெரிய சந்தேகம் அவளுக்கு அலசுவதில். துணியில் ஒட்டாத சாயம் உள்ளேயே தங்கிவிட்டால் அதுதான் பிறகு இறங்கும். குளிர்ந்த தண்ணீரில் உப்பும் சோடாவும் போக அலசி, பிறகு சோப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து, தண்ணீர் தெளியும்வரை மறுபடி அலச வேண்டும். இவன் விறகும் தண்ணீரும் மிச்சம் பிடிக்க இரண்டு அலசலோடு நிறுத்தியிருக்கிறான். அனுப்புவதற்கு முன் ஈர வெள்ளைத் துணியால் சேலையைத் தேய்த்துப் பார், சிவப்பு ஏறினால் கடைக்கு அனுப்பாதே என்றாளாம்.

"செலவு கூடும் டீச்சர்" என்று முகத்தைச் சுளித்தான். கூடும்தான். அடுத்த மாதம் இன்னொரு சாயத்தைப் பற்றிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். அவள், "இனி நீங்க ஒரு லேப்ல காசு கட்டிக் கேக்குறதுதான் நல்லது" என்று எழுதிவிட்டாளாம். என்னிடம் அதைக் கொஞ்சம் குறையாகத்தான் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஆடிட்டர் பிள்ளைக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். உன்னைக் கேட்காமல் கோத்துவிட்டது என் தப்பு என்று. இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை என்றும் எழுதினேன். பதில் வரவில்லை. சித்திரைத் திருவிழா சமயத்தில் மறுபடி ஒரு வரி போட்டேன்: எதிர்சேவை அன்று வீட்டில் சாப்பாடு, குடும்பத்தோடு வர முடிந்தால் வா, முடியாவிட்டால் ஒன்றுமில்லை.

அன்றைக்கே பதில் வந்தது. "அன்னைக்கு முடியாது டீச்சர். அடுத்த ஞாயிறு வரட்டுமா?"

அவன் என்னிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை வந்தான். இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்தான். பெரியவளுக்கு என் கையெழுத்துதான் அழகாக இருக்கிறதாம், அவள் அப்பா கையெழுத்து கோழிக் கிறுக்கலாம்.